ஒரே பீட், பத்துப் பாடகர்கள்

2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கையில் அதிகம் காசில்லாத ஓர் இளைஞர் இணையத்தில் பீட் தேடிக்கொண்டிருந்தார். பீட் என்றால் பாடகரின் குரல் மட்டும் சேராத, மற்றபடி முழுதாகத் தயாரான இசை. அவருக்குப் பிடித்த ஒன்று 30 டாலருக்குக் கிடைத்தது. அதைச் செய்தவர் நெதர்லாந்தில் இருந்த, இன்னும் இருபது வயதாகாத யங்கியோ. இருவரும் பார்த்ததில்லை, பேசியதில்லை. பணம் போனது, கோப்பு வந்தது. 20 டாலர் சலுகைக் கட்டணத்தில் ஒரு ஸ்டுடியோவில் குரல் பதிவானது. டிசம்பரில் பாட்டு வெளியானது. அந்த இளைஞர் லில் நாஸ் எக்ஸ். பாட்டு 'ஓல்ட் டவுன் ரோட்'.

2019-இல் அது அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவரை இருந்த சாதனை 16 வாரம். தன் பீட்டில் இப்படி ஒரு பாட்டு உலவுகிறது என்பதே யங்கியோவுக்கு சமூக ஊடகத்தில் யாரோ போட்ட வேடிக்கை வீடியோவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இந்தக் கதையை அதிர்ஷ்டக் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். பீட் செய்து விற்கிறவர்களும் வாங்கிப் பாடுகிறவர்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அந்த 30 டாலருக்கு வாங்கியவர் பெற்றது என்ன, பெறாதது என்ன, விற்றவர் கையில் மிச்சம் இருந்தது என்ன என்பதுதான் இந்தத் தொழிலின் மையம். கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மடிக்கணினியும் ஹெட்போனும் வைத்துக்கொண்டு பீட் செய்கிற பையனுக்கும் அதே கேள்விதான் வருகிறது. பெரும்பாலும் தாமதமாக வருகிறது.

கணக்கு எளிதாகப் புரிய ஒரு பீட்டை முதலிலிருந்து பார்ப்போம். நிமிடத்துக்கு 92 துடிப்பு வேகம், ஏ மைனர் சுருதி, நான்கு எண்ணிக்கை தாளம். தொடக்க இசை 4 பார், பல்லவிக்கு 8 பார், சரணத்துக்கு 16 பார், மறுபடி பல்லவி, மறுபடி சரணம், கடைசியாக ஒரு பல்லவி, முடிவுக்கு 4 பார். மொத்தம் 64 பார், அதாவது 256 துடிப்பு. 92 வேகத்தில் இது 2 நிமிடம் 47 வினாடி ஓடும். பாடகர் எழுத உட்காரும்போது அவருக்கு வேண்டிய முதல் தகவல் இதுதான்: சரணத்துக்கு ஏறக்குறைய 42 வினாடி இருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கோப்பின் பெயரிலேயே வேகத்தையும் சுருதியையும் எழுதிவிடுவார்கள்: `Malai_92bpm_Am.wav` என்பதுபோல. பெண் குரலுக்குச் சுருதி பொருந்தாவிட்டால், பாடகி அதை வாங்கும் முன்பே தெரிந்துகொண்டு, இரண்டு கட்டை ஏற்றித் தரச் சொல்லலாம்.

பாட்டுக்கான பீட் தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் வெறுமையாக இருக்க வேண்டும். இது புதிதாகச் செய்கிறவர்களுக்கு உறுத்தும். நடுவில் இடம் காலியாக இருக்கிறதே என்று ஒரு புல்லாங்குழல், ஒரு வயலின், மேலே ஒரு கிட்டார் என்று நிரப்பிவிடுவார்கள். குரல் உட்கார வேண்டிய இடம் அதுதான். சொற்கள் தெளிவாகக் கேட்பதற்குக் காரணமான அலைவரிசைகள் ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. அங்கே குழலும் கிட்டாரும் நெருக்கியடித்தால் பாடகர் எவ்வளவு உரக்கப் பாடினாலும் வரி புரியாது. ஒலியளவிலும் அப்படியே. பீட்டை உச்சம் வரை இழுத்து அழுத்திக் கொடுத்தால் குரலைச் சேர்க்க இடமில்லை. உச்ச அளவுக்கு ஆறு டெசிபல் போலக் கீழே விட்டுக் கொடுப்பது நல்ல வழக்கம்.

கடையில் கேட்க வைக்கும் பிரதியில் தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லும் குரல் இருபது முப்பது வினாடிக்கு ஒருமுறை வரும். இதை டேக் என்கிறார்கள். காசு கொடுத்தால் டேக் இல்லாத கோப்பு வரும். எந்தக் கோப்பு வரும், அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதில்தான் விலைப் படிகள் பிரிகின்றன.

பீட்ஸ்டார்ஸ், ஏர்பிட் போன்ற தளங்களில் விலைக்கு விலை வித்தியாசம் இருந்தாலும் படிகளின் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே சொன்ன பீட்டுக்கு உதாரணமாக ஒரு விலை வைத்துக்கொள்வோம். முதல் படி எம்பி3 கோப்பு, 1,500 ரூபாய். இரண்டாவது வேவ் கோப்பு, 2,500. மூன்றாவது ஸ்டெம்ஸ் எனப்படும் தனித்தனித் தடங்கள், 5,000. நான்காவது எண்ணிக்கை வரம்பு இல்லாத உரிமம், 10,000. கடைசியில் எக்ஸ்க்ளூசிவ், அதாவது ஒருவருக்கு மட்டும். அதன் விலையைப் பேசித்தான் முடிவு செய்வார்கள்.

கோப்பு வித்தியாசம் காதுக்குத் தெரியக்கூடியது. இந்த 2 நிமிடம் 47 வினாடி பீட், தரமான எம்பி3-யில் 7 எம்பிக்குள் அடங்கும். 24 பிட் வேவ் கோப்பில் 44 எம்பி வரும். சுருக்கும்போது போன நுணுக்கம் திரும்பி வராது. எம்பி3 மீது குரலைச் சேர்த்து வெளியிட்டால், ஒலிபரப்புத் தளம் தன் பங்குக்கு மறுபடியும் சுருக்கும். இரண்டு சுருக்கத்துக்குப் பிறகு கைத்தட்டல் ஒலியும் சிம்பலும் நீரில் கரைந்ததுபோல் குழைந்துவிடும். ஒத்திகைக்கும் மாதிரிப் பதிவுக்கும் எம்பி3 போதும். வெளியிடுவதானால் குறைந்தது வேவ் வேண்டும்.

ஸ்டெம்ஸ் என்பது இன்னும் ஒரு படி மேலே. கிக், ஸ்னேர், பேஸ், குழல், கிட்டார் எல்லாம் தனித்தனிக் கோப்புகள். பாடகியின் குரலோடு குழல் மட்டும் மோதினால், மிக்ஸிங் செய்பவர் அதை மட்டும் இறக்கலாம். இரண்டாவது சரணத்தில் தாளத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் தனியே விடலாம். ஆனால் விற்பவர்கள் அதிகம் தவறுகிற இடமும் இதுதான். குழல் 36-ஆவது பாரில்தான் நுழைகிறது என்பதற்காக அதன் கோப்பையும் அங்கிருந்தே தொடங்கிக் கொடுத்தால், வாங்கியவருக்கு எதை எங்கே பொருத்துவது என்று தெரியாது. எல்லாக் கோப்பும் முதல் பாரிலிருந்தே தொடங்கி ஒரே நீளம் இருக்க வேண்டும். ரிவர்ப் ஒலி அடங்கும் வரை கடைசியில் சில வினாடி விட வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு: மென்பொருளில் புதிய பக்கம் திறந்து எல்லா ஸ்டெம்ஸையும் தொடக்கப் புள்ளியில் போட்டு, முழு பீட்டின் வேவ் கோப்பையும் பக்கத்தில் வைத்து, அதன் அலையை மட்டும் தலைகீழாக்கி ஒன்றாக ஓடவிடுவது. எல்லாம் பொருந்தினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஏறக்குறைய அமைதியே மிஞ்சும். ஏதாவது கேட்டால், கேட்கிறதுதான் விடுபட்ட தடம். மொத்த ஒலியின்மேல் அழுத்தும் கருவி போட்டிருந்தால் முழு அமைதி வராது. அதைக் கழற்றிவிட்டு இரண்டையும் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இனி முக்கியமான பகுதி. இந்தப் படிகளில் விற்பனையாவது பீட் அல்ல, அனுமதி. கோப்பு அந்த அனுமதியோடு கூட வருவது. கீழ்ப் படிகளில் அனுமதிக்கு வரம்பு இருக்கும்: இத்தனை பிரதி வரை விற்கலாம், ஒலிபரப்புத் தளங்களில் இத்தனை முறை வரை கேட்கப்படலாம், ஒரு மியூசிக் வீடியோ எடுக்கலாம், இத்தனை ஆண்டு செல்லும். பலர் ஒரு லட்சம் கேட்பு என்பதுபோல ஒரு எண்ணை வைக்கிறார்கள். அந்த எண்ணைத் தாண்டினால் பாட்டு தானாகச் சட்டவிரோதமாகி மறைந்துவிடாது. வாங்கியவர் மேல் படிக்கு மாற வேண்டும், அல்லது புதுப்பிக்க வேண்டும். நான்காவது படியில் எண்ணிக்கை வரம்பு எடுபட்டுவிடும். ஆனால் அந்தப் படியிலும் பீட் விற்றவருடையதுதான். அவர் அதை வேறு பத்துப் பேருக்கும் தரலாம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் சொன்னால் முதல் நான்கு படிகளும் வாடகை. எக்ஸ்க்ளூசிவ் ஏறக்குறைய கிரயம். கிரயம் பேசுகிறவர் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுக்கமாட்டார். பீட் வாங்குகிறவர்களோ பார்ப்பதில்லை.

அந்த வில்லங்கம் எப்படி இருக்கும் என்று நம் பீட்டிலேயே பார்க்கலாம். ஓராண்டில் ஆறு பேர் எம்பி3 உரிமமும் மூன்று பேர் வேவ் உரிமமும் ஒருவர் ஸ்டெம்ஸும் வாங்கியிருக்கிறார்கள் என்று கொள்வோம். வரவு 9,000, 7,500, 5,000. ஆக 21,500 ரூபாய். பதினோராவதாக ஒருவர் வந்து, "அண்ணா, எனக்கு மட்டும் வேணும், 15,000 தர்றேன்" என்கிறார். ஒரு பீட்டுக்கு 15,000 என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எக்ஸ்க்ளூசிவ் விற்ற நாளோடு அந்த பீட் கடையிலிருந்து இறங்கிவிட வேண்டும். ஒரே ஆண்டில் 21,500 கொண்டுவந்த பொருளை அதைவிடக் குறைந்த விலைக்கு நிரந்தரமாக மூடுவது விற்பவருக்கு நட்டம். இரண்டு மூன்று ஆண்டு வாடகை வரவைக் கணக்கிட்டு, 40,000 என்று பேசத் தொடங்குவது நியாயம். மாறாக, ஓராண்டில் ஒருவரும் தொடாத பீட்டுக்கு 15,000 வந்தால் கொடுத்துவிடலாம்.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. அவர் 40,000 கொடுத்தாலும் முன்னால் வாங்கிய பத்துப் பேரின் உரிமம் அவரவர் காலம் முடியும் வரை செல்லும். அந்தப் பத்துப் பாட்டும் யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் இருக்கும். எக்ஸ்க்ளூசிவ் என்றால் 'இனிமேல் வேறு யாருக்கும் இல்லை' என்றுதான் பொருள். 'இதுவரை யாருக்கும் இல்லை' என்பது அதில் அடங்காது. நேர்மையான விற்பனையாளர் இதுவரை எத்தனை உரிமம் போயிருக்கிறது, ஒவ்வொன்றும் எப்போது முடிகிறது என்ற பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்துக் கொடுத்துவிடுவார். தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். கேட்டும் தராதவரிடம் எக்ஸ்க்ளூசிவ் வாங்கக் கூடாது.

பத்துப் பேர் ஒரே பீட்டில் பாடுவதால் வரும் தகராறுகளில் அடிக்கடி நடப்பது யூடியூபின் கன்டென்ட் ஐடி தொடர்பானது. அது இப்படி வேலை செய்கிறது. ஒருவர் தன் ஒலிப்பதிவை அந்த அமைப்பில் பதிந்துவைத்தால், யூடியூபில் ஏறும் வீடியோக்களின் ஒலியை இயந்திரம் அதனுடன் ஒப்பிடும். ஒத்துப்போனால் அந்த வீடியோவுக்கு உரிமைக் கோரிக்கை போகும். விளம்பர வருமானம் பதிந்தவருக்குத் திரும்பும். பத்துப் பேரில் மூன்றாவது பாடகர், பாட்டை வெளியிடும் விநியோக நிறுவனத்தின் படிவத்தில் 'யூடியூபில் பாதுகாப்பு வேண்டுமா' என்ற கட்டத்தில் தெரியாமல் ஆம் என்று குறியிட்டுவிடுகிறார். இயந்திரத்துக்கு அவர் குரல் வேறு, பின்னணி வேறு என்று தெரியாது. மறுநாள் ஐந்தாவது பாடகரின் வீடியோவுக்கும், எட்டாவது பாடகரின் வீடியோவுக்கும், சில சமயம் பீட் செய்தவரின் சொந்த சேனலுக்குமே கோரிக்கை வந்து நிற்கும். மூன்றாமவர் திருடர் அல்ல. ஐந்தாமவரும் அல்ல. இருவரிடமும் முறையான உரிமம் இருக்கிறது. ஒருவர் இட்ட ஒரு குறி போதுமாக இருக்கிறது இத்தனை பேரை மாட்டிவிட.

யூடியூபின் விதியே பலருக்கும் பொதுவாக உரிமம் தரப்பட்ட இசையை இப்படிப் பதியக் கூடாது என்கிறது. ஆகவே வாடகை உரிமம் விற்கிறவர் ஒப்பந்தத்தில் 'கன்டென்ட் ஐடியில் பதியக் கூடாது' என்ற வரியைத் தனியாக, தடித்த எழுத்தில் போட வேண்டும். கோரிக்கை வந்தவர் பதறி வீடியோவை நீக்க வேண்டியதில்லை. உரிமத்தின் எண், தேதி, விற்றவர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மறுப்புத் தெரிவிக்கலாம். கோரிக்கை வந்த ஐந்து நாளுக்குள் மறுத்தால், முதல் நாளிலிருந்தே அந்த வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அவர்கள் பதிலே சொல்லாவிட்டால் கோரிக்கை தானாக விழுந்துவிடும். இவ்வளவுக்கும் கையில் உரிமத்தாள் இருக்க வேண்டும். பணம் அனுப்பிய திரைப்படம் மட்டும் இருந்தால் வாதம் நொண்டியடிக்கும்.

வீடியோ எடுக்கிறவர்கள் வாங்கும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது. பாடகருக்கான உரிமத்தில் வரும் 'ஒரு மியூசிக் வீடியோ' என்பது அவர் பாடிய பாட்டுக்கான வீடியோ. அதை வைத்துக் குறும்படத்துக்கோ நகைக்கடை விளம்பரத்துக்கோ பின்னணி போட முடியாது. காட்சியோடு இசையைச் சேர்ப்பது தனி உரிமை. பெரும்பாலான பீட் கடைகளின் கீழ்ப் படிகள் படம், தொலைக்காட்சி, விளம்பரம் மூன்றையும் வெளிப்படையாக விலக்குகின்றன. சமையல் சேனல் நடத்துகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: என் சேனலின் எல்லா வீடியோவுக்கும் செல்லுமா, ஒன்றுக்கு மட்டுமா? சேனல் விளம்பர வருமானம் ஈட்டினாலும் செல்லுமா? கல்யாண வீடியோ எடுக்கிறவருக்கு மூன்றாவது கேள்வியும் உண்டு. வீடியோவை அவர் எடிட் செய்து கொடுத்துவிடுவார். பெண் வீட்டார் தங்கள் கணக்கில் ஏற்றுவார்கள். கோரிக்கை வந்தால் அவர்கள் சேனலுக்குத்தான் வரும். அதனால் அவர் வாங்கும் உரிமத்தில் 'வாடிக்கையாளருக்குச் செய்து தரும் வேலைக்கும் செல்லும்' என்ற வரி இருக்க வேண்டும். அது இல்லாத உரிமம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவருக்கு உதவாது.

'இலவச பீட்' என்று போட்டிருப்பதும் ஓர் உரிமம்தான். பெரும்பாலும் அதன் கீழே, வருமானம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். சேனலில் விளம்பரம் ஓடத் தொடங்கிய நாளிலேயே அந்த அனுமதி தீர்ந்துவிடுகிறது.

'ஓல்ட் டவுன் ரோட்' கதையில் இதுவரை சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. அந்த பீட்டின் தந்தி இசை யங்கியோ வாசித்தது அல்ல. நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்கக் குழு 2008-இல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ் 1-4' என்ற கருவியிசைத் தொகுப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, வெட்டி, மாற்றி, அதன்மேல் தாளம் சேர்த்திருந்தார். அந்தத் தொகுப்பைக் குழுவினர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருந்தார்கள். அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம். ஆனால் பெயர் சொல்ல வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, உருவாவதையும் அதே நிபந்தனையில் பகிர வேண்டும். அந்த பீட்டை 30 டாலருக்கு விற்றாலே அது வணிகம். லில் நாஸ் எக்ஸ் 30 டாலர் கொடுத்து ரசீது வைத்திருந்தார். ஆனால் விற்றவர் கையில் முழு உரிமை இல்லை. இல்லாததை விற்க முடியாது. எத்தனை உயர்ந்த படி உரிமம் வாங்கியிருந்தாலும், எக்ஸ்க்ளூசிவே வாங்கியிருந்தாலும், இந்தக் குறை அப்படியேதான் இருந்திருக்கும்.

2019 மார்ச்சில் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் லில் நாஸ் எக்ஸை ஒப்பந்தம் செய்தது. மூலத்துக்கு அனுமதி பெறும் பேச்சு, பாட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் நடந்தது. குழுவின் ட்ரென்ட் ரெஸ்னரும் ஆட்டிகஸ் ராஸும் தடுக்கவில்லை. பாட்டின் ஆசிரியர்களாகவும் தயாரிப்பாளர்களாகவும் அவர்கள் பெயர் சேர்ந்தது. யங்கியோவின் பெயரும் இருக்கிறது. மூலத்துக்குச் சொந்தக்காரர்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டதால் இது நல்லபடி முடிந்தது. அவர்கள் மறுத்திருந்தால் பாட்டை இறக்க வேண்டியிருந்திருக்கும், அல்லது வருமானத்தின் பெரும் பகுதி கைமாறியிருக்கும்.

சாம்பிள் வேறு, லூப் வேறு. லூப் என்பது பயன்படுத்துவதற்கென்றே செய்து, அனுமதியோடு விற்கப்படும் துண்டு. ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' (2007) பாட்டில் கேட்கும் டிரம்ஸ், ஆப்பிள் கணினிகளில் வரும் கராஜ்பேண்ட் மென்பொருளில் எவருக்கும் கிடைக்கிற ஒரு லூப். அதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் அதே லூப்பை நீங்களும் நானும் பயன்படுத்தலாம் என்பதால், லூப்பை வைத்துச் செய்த மெட்டை 'இது என்னுடையது மட்டும்' என்று எக்ஸ்க்ளூசிவாக விற்பதில் ஒரு கூச்சம் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் வாங்குபவரிடம் அதைச் சொல்ல வேண்டும். டிரம்ஸ் லூப் என்றால் பெரிதாகப் பாதகமில்லை. மெட்டே லூப் என்றால் அதே மெட்டில் இன்னொரு பாட்டு எங்காவது இருக்கும்.

தமிழில் இதைவிடப் பழக்கமான ஒரு தவறு உண்டு. சினிமாப் பாட்டின் பின்னணியைத் தானே ஒவ்வொரு கருவியாக வாசித்துக் கரோக்கி டிராக்காக விற்பது. 'நானே வாசித்தேன், எதையும் வெட்டி ஒட்டவில்லை' என்பது பாதி உண்மை. சட்டத்தில் இசையமைப்புக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை என்று இரண்டு இருக்கின்றன. புதிதாக வாசித்தால் ஒலிப்பதிவு உங்களுடையது. மெட்டு உங்களுடையது ஆகாது. அதற்கு அனுமதி பெறாமல் விற்கிற டிராக்கை வாங்கிப் பாடி ஏற்றுகிறவருக்கும் கோரிக்கை வரும். 'அனிருத் டைப் பீட்' என்பது போன்ற தலைப்புகள் வேறு வகை: இன்னாரின் பாணியில் செய்த புது இசை என்று தேடுகிறவர்களுக்குக் காட்டும் அடையாளம். பாணியைப் பின்பற்றுவது தவறில்லை. மெட்டை எடுத்தால்தான் தவறு.

இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம் பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 30-இன்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலும் எழுத்துதான், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 மின்னணுப் பதிவை எழுத்தாக ஏற்கிறது. ஆனால் "எடுத்துக்கோ தம்பி, ஜிபே பண்ணிடு" என்று போனில் சொன்னது எழுத்தாகாது. எழுத்து இருந்தும் அதில் காலம் சொல்லப்படாவிட்டால், பிரிவு 19(5) அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறது. இடம் சொல்லப்படாவிட்டால், பிரிவு 19(6) இந்தியா என்று எடுத்துக்கொள்கிறது. உரிமை மாற்றத்துக்கான இந்த விதிகளைப் பிரிவு 30ஏ உரிமங்களுக்கும் பொருந்தச் செய்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல. மதுரையில் பாடிய பாட்டைக் கேட்பவர்கள் கோலாலம்பூரிலும் டொரன்டோவிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு சொல் ஒப்பந்தத்தில் இல்லாததால், அந்தப் பாட்டின் வெளிநாட்டுப் பயன்பாடு உரிமத்துக்கு வெளியே போய்விடக்கூடும்.

பீட் செய்கிறவருக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசையமைத்தவர் தன் ராயல்டிப் பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. 'இனி எந்த ராயல்டியும் கேட்கமாட்டேன்' என்று கையெழுத்து வாங்கினாலும் அந்த வரி செல்லாது. எக்ஸ்க்ளூசிவ் விற்பதென்றால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிற இளைஞர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் உரிமை இருப்பது மட்டும் பணத்தைக் கொண்டுவராது. ஐபிஆர்எஸ் எனப்படும் இந்திய இசை உரிமைச் சங்கத்தில் பீட் செய்தவர் உறுப்பினராக இருக்க வேண்டும். பாட்டு வெளியாகும்போது அதன் விவரம் அங்கே பதிவாக வேண்டும். இசை இன்னார், வரிகள் இன்னார், பங்கு இவ்வளவு என்பதைப் பாடகரும் பீட் செய்தவரும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டிருக்க வேண்டும். பீட் கடைகளின் ஒப்பந்தங்களில் இசைக்குப் பாதி, வரிகளுக்கும் குரல் மெட்டுக்கும் பாதி என்று பிரிப்பது பரவலான வழக்கம். 1,500 ரூபாய்க்கு எம்பி3 விற்கிறபோதே இந்தத் தாளையும் உரிமத்தோடு சேர்த்து அனுப்பிவிடலாம். பாட்டு ஓடிய பிறகு அதே தாளில் கையெழுத்து கேட்டால், அந்த நேரத்தில் பாடகரின் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருப்பார்.